மணல் வடிகட்டியைக் கீழிருந்து கழுவுவது: ஊர்க் குடிநீர் நிலையத்தில் பேக்வாஷ், படிப்படியாக

விரைவு மணல் வடிகட்டி ஓடும்போது தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கும். கழுவும்போது சுத்தம் செய்த தண்ணீரைக் கீழிருந்து மேலே ஏற்றுவார்கள். பேக்வாஷ் என்றால் இவ்வளவுதான் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே மாதிரி கட்டிய இரண்டு நிலையங்களில் ஒன்றில் மணல் பல வருடம் தாங்குகிறது, இன்னொன்றில் கொஞ்ச காலத்திலேயே மண் உருண்டை கட்டி நிற்கிறது. பெரும்பாலும் அந்த வித்தியாசம் கழுவும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு நேரம் போகிறது என்பதைவிட, எந்த வேகத்தில் போகிறது, வால்வை எப்படித் திறந்தார்கள் என்பதுதான் முக்கியம்.

கணக்கு புரிவதற்கு ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 1 கோடி லிட்டர், அதாவது 10,000 கன மீட்டர் தண்ணீர் தரும் நடுத்தர ஊர் நிலையம். நான்கு பெட், அதாவது மணல் நிரப்பிய நான்கு வடிகட்டித் தொட்டிகள். ஒவ்வொன்றும் 6 மீட்டருக்கு 3.5 மீட்டர், அதாவது 21 சதுர மீட்டர். நான்கும் ஓடும்போது மணலுக்குள் தண்ணீர் மணிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்கும். நம் நாட்டில் இந்த வகை வடிகட்டிக்கு வழக்கமான வேகம் இதுதான். மணல் சுமார் 70 செ.மீ ஆழம், அரை மில்லிமீட்டரை ஒட்டிய பருமன். அதன் கீழே பல அளவுகளில் அடுக்கிய சரளைக்கல் சுமார் 45 செ.மீ. அதற்கும் கீழே துளையிட்ட குழாய்கள். வடிந்த நீரைச் சேர்த்து வெளியே கொண்டுபோவதும் அவைதான், கழுவும்போது தண்ணீரையும் காற்றையும் பெட் முழுக்கப் பரப்புவதும் அவைதான்.

எப்போது கழுவ வேண்டும்

படிகாரம் போட்டுக் கிளாரிஃபையரில் தெளிந்த பிறகும் தண்ணீரில் நுண்ணிய திப்பிகள் மிச்சமிருக்கும். அவைதான் மணலில் சிக்குகின்றன. சிக்கச் சிக்க இடைவெளி குறைகிறது. அதே அளவு தண்ணீரை இறக்க அதிக அழுத்தம் செலவாகிறது. இந்தச் செலவைத்தான் ஹெட் லாஸ் என்கிறார்கள். கழுவி முடித்த பெட்டில் இது 30 செ.மீ அளவில் தொடங்கும். 2 மீட்டரை நெருங்கும்போது கழுவ வேண்டும்.

இதற்கு முன்பே வெளிவரும் தண்ணீரில் கலங்கல் 1 என்.டி.யூ.வைத் தாண்டினால் ஹெட் லாஸ் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கழுவிவிட வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரத்தில் ஏற்கத்தக்க அளவு அதுதான். சிக்கிய அழுக்கு மணலைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். இரண்டும் நடக்காவிட்டாலும் இரண்டு நாளுக்கு மேல் ஒரு பெட்டைக் கழுவாமல் ஓட்டுவது நம் வெயிலுக்கு நல்லதல்ல. சிக்கிய அழுக்கு மணலோடு ஒட்டிக் கெட்டியாகிவிடும்.

"காலை ஷிப்டில் கழுவுவது வழக்கம்" என்று கடிகாரத்தை மட்டும் பார்த்துக் கழுவும் நிலையங்கள் நிறைய. வெயில் காலத்தில் ஆற்று நீர் தெளிவாக வரும்போது அது வீண் செலவு. மழைக்காலத்தில் முதல் வெள்ளம் வரும்போது அதே பழக்கம் ஆபத்து. ஏனென்றால் பெட் பத்து மணி நேரத்திலேயே நிறைந்துவிடலாம்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

மேல்நிலைக் கழுவுநீர்த் தொட்டியில் போதிய தண்ணீர் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. நம் பெட்டைக் கழுவ மணிக்கு 36 மீட்டர் வேகம் வேண்டும். அது வடிகட்டும் வேகத்தைப்போல ஏழு மடங்கு. 21 சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 12,600 லிட்டர். ஆறு நிமிடம் கழுவினால் 75,600 லிட்டர். தொட்டி 1,50,000 லிட்டர் என்றால் இரண்டு பெட்டுக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும். மூன்றாவதைக் கழுவும் முன் தொட்டி மீண்டும் நிறையக் காத்திருக்க வேண்டும். தொட்டியை நிரப்பும் பம்ப் மணிக்கு 40 கன மீட்டர் தருவது என்றால், ஒரு பெட்டுக்குச் செலவான தண்ணீர் திரும்பச் சேர இரண்டு மணி நேரம் பிடிக்கும். தொட்டி பாதியில் காலியானால் கழுவலும் பாதியில் நின்றுபோகும். அது கழுவாமல் விட்டதைவிட மோசம். பிரிந்த அழுக்கெல்லாம் அப்படியே மணல் மேல் திரும்பப் படிந்துவிடும்.

இரண்டாவது, மற்ற மூன்று பெட்கள். ஒன்றை நிறுத்தியதும் அதன் பங்கும் அவற்றின் மேல் விழும். மணிக்கு 5 மீட்டராக இருந்த வேகம் 6.6 ஆகும். அது திடீரென்று ஏறினால் அவற்றில் சிக்கியிருந்த அழுக்கும் பெயர்ந்து வெளியே வரும். அதனால் கழுவும் நேரத்துக்கு மட்டும் நிலையத்துக்குள் வரும் நீரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. ஒரே நேரத்தில் இரண்டு பெட்டை நிறுத்தவே கூடாது.

வால்வுகளின் வரிசை

ஒரு பெட்டுக்கு ஐந்தாறு வால்வு இருக்கும்: தெளிந்த நீர் உள்ளே வருவது, வடிகட்டிய நீர் வெளியே போவது, கழுவுநீர் வருவது, கழுவிய அழுக்குநீர் போவது, காற்று வருவது. நல்ல நிலையங்களில், கழுவி முடித்த பிறகு முதலில் வடியும் நீரைச் சாக்கடைக்கு விட இன்னொன்றும் இருக்கும். கைச் சக்கரமானாலும் மேசையில் பட்டன் ஆனாலும் வரிசை ஒன்றுதான்.

முதலில் உள்ளே வரும் வால்வை மூட வேண்டும். வெளியே போகும் வால்வு திறந்தே இருக்கட்டும். மணல் மேல் நிற்கும் ஒன்றரை மீட்டர் தண்ணீரை வடிகட்டியபடியே இறக்கிவிட்டால் அத்தனையும் மிச்சம். நீர்மட்டம் மணலுக்கு மேல் ஒரு சாண் அளவுக்கு வந்ததும் வெளியே போகும் வால்வை முழுக்க மூட வேண்டும். இதில்தான் கவனம் தேவை. இது சரியாக மூடாமல் இருக்கும்போது கழுவுநீரைத் திறந்தால், அது மணலுக்குள் ஏறாமல் சுலபமான வழியில் நேரே சுத்தநீர்த் தொட்டிக்கு ஓடிவிடும். பார்ப்பவருக்குப் பெட் கழுவுகிற மாதிரியே தெரியும், ஆனால் வேகம் பாதிகூட இருக்காது.

அப்புறம் அழுக்குநீர் போகும் கதவைத் திறக்க வேண்டும். இதை மறந்து கழுவுநீரைத் திறந்தால் அழுக்குநீர் பெட்டை நிரப்பி நடைபாதையில் வழியும். அதைக் கழுவித் துடைப்பது தனி வேலை.

காற்று

புளோயரை ஓட்டிக் காற்று வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். 21 சதுர மீட்டருக்கு மணிக்கு 900 கன மீட்டரை ஒட்டிய காற்று, மூன்று முதல் ஐந்து நிமிடம். அரிசி களையும்போது கையால் பிசைவது ஒரு வேலை, கலங்கிய தண்ணீரை வடிப்பது இன்னொரு வேலை இல்லையா? இங்கே பிசையும் கை காற்று. மேலேறும் தண்ணீர் மட்டும் மணலைத் தூக்கி நிறுத்தும், ஆனால் ஒரு மணியை இன்னொரு மணியோடு பலமாக உரசவைக்காது. ஒட்டிய படிகாரப் பசையை உரித்தெடுப்பது காற்றுக் குமிழிகள் கிளப்பும் அந்த உரசல்தான். புளோயர் பழுதாகி "தண்ணீரிலேயே கொஞ்சம் கூடுதலாகக் கழுவிக்கொள்ளலாம்" என்று மாதக்கணக்கில் ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கூடுதல் நேரம் தண்ணீர் விட்டாலும் உரசலுக்கு ஈடாகாது.

காற்று ஓடும் அந்தச் சில நிமிடம் பெட் ஓரத்தில் நின்று பார்ப்பதற்குத்தான். மேற்பரப்பு முழுக்க ஒரே அளவாகக் கொதிக்க வேண்டும். ஒரு மூலை அமைதியாகக் கிடந்தால் அதன் கீழே குழாய்த் துளைகள் அடைத்திருக்கின்றன. ஒரு இடத்தில் மட்டும் பீறிட்டால் அங்கே குழாய் உடைந்திருக்கலாம் அல்லது சரளை விலகியிருக்கலாம். இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறையும் அதே இடம் என்றால் அது தற்செயல் அல்ல.

காற்றை நிறுத்தியதும் ஒரு நிமிடம் விட வேண்டும். மணலுக்குள் சிக்கிய காற்று வெளியேறாமல் முழு வேகத்தில் தண்ணீரைத் திறந்தால், குமிழிகள் மணலையும் தூக்கிக்கொண்டு, அழுக்குநீரை ஏந்திப் போக மணலுக்கு மேலே வைத்த வாய்க்காலுக்குள் கொட்டும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் வருடக் கடைசியில் மணல் ஆழம் விரல் அளவில் குறைந்திருக்கும். அதற்காக ரொம்ப நேரமும் விடக் கூடாது. உரிந்த அழுக்கு மறுபடி கீழே இறங்கிப் படியும்.

தண்ணீர்

கழுவுநீர் வால்வை முழுக்கத் திறக்க ஒரு நிமிடமாவது எடுத்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் கெட்டியாகக் கிடக்கும் மணல் முழுப் பலகையாக எழும்பி உடையும், சரளை அடுக்குகள் இடம் மாறும். ஒரு முறை சரளை கலைந்துவிட்டால் அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. மணலை அள்ளி வெளியே கொட்டி, சரளையை மறுபடி அடுக்க வேண்டும். இந்த ஒரு நிமிடப் பொறுமை இல்லாமல் அந்தச் செலவில் மாட்டிய பெட்கள் உண்டு.

வேகம் ஏறியதும் மணல் விரியத் தொடங்கும். 70 செ.மீ மணல் 85, 90 செ.மீ உயரத்துக்கு ஊதி நிற்க வேண்டும். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தண்ணீரில் மிதந்தபடி அசையும். நடுவே பிடிபட்ட அழுக்கு மணலைவிட லேசானது என்பதால் மேலே வந்து வாய்க்கால் விளிம்பைத் தாண்டி வழியும். வாய்க்கால் விளிம்பு மணலுக்கு மேல் அரை மீட்டர் உயரத்தில் வைத்திருப்பது, விரிந்த மணல் வழியாமல் அழுக்கு மட்டும் வழியத்தான்.

இங்கே நம் ஊர் வெயில் ஒரு வேலை செய்கிறது. சூடான தண்ணீருக்குப் பிசுபிசுப்பு குறைவு. 10 டிகிரித் தண்ணீரைவிட 30 டிகிரித் தண்ணீர் ஏறத்தாழ 40 சதவீதம் இளகலாக ஓடும். அதனால் அது மணலைத் தூக்கும் பலமும் குறைவு. குளிர் நாட்டுக் கையேட்டில் போட்டிருக்கும் வேகத்தை அப்படியே வைத்துக் கழுவினால் இங்கே மணல் போதிய அளவு விரியாது. ஒரே நிலையத்தில்கூட மார்கழியில் சரியாக இருந்த வால்வு நிலை சித்திரையில் கொஞ்சம் பற்றாமல் போகலாம்.

முதல் நிமிடத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில் திரண்டு வரும். மூன்றாவது நிமிடத்தில் வெளுக்கும். ஐந்தாறு நிமிடத்தில் வாய்க்காலில் வழியும் நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தால் பின்னால் வைத்த எழுத்தைப் படிக்க முடியும். அளக்கும் கருவி இருந்தால் 10 என்.டி.யூ. அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடலாம். கண்ணாடி மாதிரி வரும்வரை கழுவ வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தண்ணீரை வீணாக்குவதோடு, வடிகட்டி மறுபடி சரியான நிலைக்கு வரும் நேரத்தையும் கூட்டும்.

நிறுத்தும்போதும் வால்வை மெதுவாகத்தான் மூட வேண்டும். மணல் தானாகப் பிரிந்து, பருமணல் கீழேயும் நுண்மணல் மேலேயுமாக அமரும்.

வேகம் சரிதானா: சுண்ணக்கட்டிச் சோதனை

கழுவுநீர்க் குழாயில் மீட்டர் இருக்கும், வேலை செய்யாது. அல்லது வேலை செய்யும், சரியாகக் காட்டாது. இரண்டுமே சகஜம். அதற்கெல்லாம் காத்திருக்காமல் பெட்டையே அளவு பாத்திரமாக்கிவிடலாம்.

நீர்மட்டத்தை மணலுக்குச் சற்று மேலே வரை இறக்கிக்கொள்ளுங்கள். பெட் சுவரில் மணலுக்கு மேல், வாய்க்காலின் அடிப்பகுதிக்குக் கீழே, சுண்ணக்கட்டியால் இரண்டு கோடு போடுங்கள். இரண்டுக்கும் இடையே 30 செ.மீ. அதற்கு இடம் இல்லாவிட்டால் 20 செ.மீ போதும். வாய்க்கால் உயரத்துக்குள் கோடு விழக் கூடாது. அங்கே வாய்க்கால் இடத்தை அடைப்பதால் மட்டம் வேகமாக ஏறி, கணக்கு தப்பாகும். வழக்கம்போல வால்வைத் திறந்து, முழு வேகம் வந்த பிறகு நீர்மட்டம் கீழ்க் கோட்டிலிருந்து மேல்கோட்டுக்கு ஏறும் நேரத்தைக் கைபேசியில் பிடியுங்கள். முழு வேகம் வருவதற்குள் மட்டம் கோட்டைத் தாண்டிவிட்டால், வால்வை மூடி மட்டத்தை மறுபடி இறக்கி, இரண்டாம் முறை கொஞ்சம் சீக்கிரமாக, ஆனாலும் படிப்படியாகத் திறக்கலாம்.

மணிக்கு 36 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 60 செ.மீ. ஆகவே 30 செ.மீ ஏற 30 வினாடி. 45 வினாடி பிடித்தால் வேகம் மணிக்கு 24 மீட்டர்தான். ஒரு நிமிடம் பிடித்தால் 18 மீட்டர். அந்த வேகத்தில் மணல் கொஞ்சம் அசையும், கழுவப்படாது.

மணல் எவ்வளவு விரிகிறது என்று பார்க்க இன்னொரு எளிய வழி உண்டு. ஒரு நீளக் குச்சியில் 5 செ.மீ இடைவெளியில் சின்ன மூடிகளைக் கிண்ணம் மாதிரி வாய் மேலே பார்க்க ஆணியடித்துக்கொள்ளுங்கள். கழுவும்போது அதை மணல் மட்டத்தில் நிற்கும்படி பெட்டில் கட்டி வையுங்கள். முடிந்ததும் எடுத்துப் பார்த்தால் எந்த உயரம் வரை மூடியில் மணல் கிடக்கிறதோ அந்த உயரம் வரை மணல் விரிந்திருக்கிறது. 15 முதல் 20 செ.மீ வரை மணல் இருந்தால் திருப்தி. மேல் மூடியெல்லாம் நிறைந்து வாய்க்கால் மட்டத்தைத் தொட்டால் மணல் வெளியே போய்க்கொண்டிருக்கிறது, வேகத்தைக் குறைக்க வேண்டும்.

திரும்ப ஓட்டும்போது

அழுக்குநீர்க் கதவை மூடிய பிறகே உள்வரும் வால்வைத் திறக்க வேண்டும். வாய்க்கால் விளிம்பு வரை தண்ணீர் நிற்கும்போதே திறந்தால் விழும் நீர் மணலைக் குழி பறிக்காது. முழு மட்டம் வந்ததும் முதல் 15 நிமிடம் வடியும் நீரைச் சாக்கடைக்கு விடுங்கள். கழுவிய பெட்டின் அடியில் இன்னும் கழுவுநீரின் மிச்சம் இருக்கும். மணலும் பிடிமானம் இல்லாமல் இருக்கும். அதனால் கலங்கல் ஒருமுறை ஏறி இறங்கும். அப்படிச் சாக்கடைக்கு விடும் குழாய் இல்லாத பழைய நிலையங்கள் ஏராளம். அங்கே ஒரே வழி, வெளியே போகும் வால்வை அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதுதான்.

ஓடத் தொடங்கிய பிறகு ஹெட் லாஸ் எவ்வளவு என்று பதிவேட்டில் எழுதுங்கள். முடிவில் எழுதும் அளவைவிட இந்தத் தொடக்க அளவு அதிகம் பேசும்.

ஒரு பெட் கெட்டுப்போவது எப்படித் தெரியும்

நம் நிலையத்தின் மூன்றாம் பெட்டின் பதிவேடு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழுவியதும் ஹெட் லாஸ் 30 செ.மீ என்று இருந்தது சில மாதங்களில் 35, 42, 55 என்று ஏறியிருக்கிறது. 40 மணி நேரம் ஓடிய பெட் இப்போது 18 மணி நேரத்தில் நிறைகிறது. ஆட்கள் செய்வது, அடிக்கடி கழுவுவது. தினமும் கழுவினால் ஒரு பெட் வடிக்கும் 2,500 கன மீட்டரில் 3 சதவீதம் கழுவலுக்கே போகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை என்றால் ஒன்றரை சதவீதம். அடிக்கடி கழுவுவது தீர்வு இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு கழுவலும் அரைகுறை.

பெட்டை வடித்துவிட்டு மணலைப் பார்த்தால் சுவர் ஓரமாக விரிசல் ஓடியிருக்கும். மேற்பரப்பு சமமாக இல்லாமல் மேடும் பள்ளமுமாக இருக்கும். மணலைக் கையால் தோண்டினால் பட்டாணி முதல் எலுமிச்சை வரையிலான மண் உருண்டைகள் கிடைக்கும். மணலும் களியும் படிகாரமும் சேர்ந்து இறுகியவை. சின்னதாக இருக்கும்வரை மேலேயே கிடக்கும். பருத்துக் கனத்ததும் கழுவும்போது சரளை வரை இறங்கிவிடும். அங்கே அவை அடைக்கும் இடத்தில் தண்ணீர் ஏறாது. அது ஏறும் பக்கத்து இடங்களில் வேகம் கூடும்.

சுண்ணக்கட்டிச் சோதனை செய்தால் 45 வினாடி வருகிறது. காரணத்தை எளிதானதிலிருந்து தேட வேண்டும். வெளியே போகும் வால்வு முழுக்க மூடுகிறதா? கழுவுநீர் வால்வு உள்ளே உடைந்து பாதிதான் தூக்குகிறதா? தொட்டி நிறைந்திருக்கும்போதே கழுவினோமா, பாதி மட்டத்திலா? மற்ற பெட்டுக்கும் 45 வினாடியே வந்தால் கோளாறு பொதுக் குழாயிலோ தொட்டியிலோ இருக்கிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் என்றால் வால்வு அல்லது அடிக் குழாய்.

வேகத்தைச் சரிசெய்த பிறகும் பழைய உருண்டைகள் கரையாது. பெட்டைக் காலியாக்கி, மேல் மணலை வாரிக் கிளறி, உருண்டைகளைச் சல்லடையில் பொறுக்கி எடுத்து, அதன் பிறகு நீண்ட நேரம் காற்றும் தண்ணீருமாக இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். ஆழத்தில் இறங்கியிருந்தால் மணலை எடுப்பதைத் தவிர வழியில்லை.

இன்னொரு கோளாறும் உண்டு. ஹெட் லாஸ் வரம்பு தாண்டியும் பெட்டை இழுத்து ஓட்டினால், மணலுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்து, நீரில் கரைந்த காற்று குமிழியாகப் பிரிந்து உள்ளேயே தங்கும். பெட் இன்னும் அடைத்த மாதிரி காட்டும். காற்றடிக்கும் முன்பே, நீரை இறக்கும்போது பெட்டிலிருந்து குமிழிகள் வந்தால் இதுதான். அப்போது காற்றும் தண்ணீரும் இன்னும் நிதானமாகத் திறக்க வேண்டும், அடுத்த முறை முன்கூட்டியே கழுவ வேண்டும்.

கழுவிய நீர் எங்கே போகிறது

இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவினால் நான்கு பெட்டுக்கும் சேர்த்து ஒரு நாளைக்குச் சராசரியாக 1,50,000 லிட்டர் அழுக்குநீர். ஆற்றுக்கோ ஏரிக்கோ அப்படியே விடுவது தவறு, அதில் படிகாரச் சேறு இருக்கிறது. நிலையத்தின் தலைக்கே திருப்பிவிட்டு மறுபடி சுத்திகரிப்பது மிச்சம் பிடிக்கும் வழி. ஆனால் மணலில் பிடித்து வைத்த கிருமிகளும் இந்த நீரில்தான் திரண்டிருக்கின்றன. குளோரினுக்கு எளிதில் அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் போன்றவை அதில் சேரும் என்பதால் அமெரிக்காவில் இதற்கென்றே 2001இல் தனி விதி போட்டார்கள்.

அளவும் ஒரு பிரச்சினை. கழுவும் ஆறு நிமிடத்தில் அழுக்குநீர் மணிக்கு 756 கன மீட்டர் வேகத்தில் வருகிறது, நிலையத்துக்குள் வரும் ஆற்று நீரோ மணிக்கு 417தான். அப்படியே தலையில் கொட்டினால் படிகாரக் கணக்கும் கிளாரிஃபையரும் ஒருசேரக் குலையும். அதனால் ஒரு கழுவலைத் தாங்கும் தொட்டி ஒன்று வேண்டும். அதில் இரண்டு மூன்று மணி நேரம் தெளியவிட்டு, மேல் நீரைச் சிறிய பம்ப் வைத்து நாள் முழுக்கச் சீராக அனுப்பினால் மணிக்கு 6 கன மீட்டர்தான் சேரும். அடியில் தங்கும் சேற்றைத் தனியாக எடுத்துக் காயவைக்கும் மணல் பாத்திகளுக்கு விட வேண்டும்.